செக்யூர் பூட் போட்டதும் திரை கறுத்துவிட்டதா? கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறுகிறவர்களும், பேட்டில்ஃபீல்டு 6 போன்ற விளையாட்டுகள் கேட்பதால் பிள்ளைகளும் பயாஸுக்குள் போய் ‘செக்யூர் பூட்’ என்பதை இயக்குகிறார்கள். சேமித்துவிட்டு வெளியே வந்ததும் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டரில் ஒன்றும் வருவதில்லை. பயாஸுக்குள் திரும்பப் போய் மாற்றலாம் என்றால் அந்தப் பக்கமும் தெரியாது. கார்டு போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட மேசைக் கணினிக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

1. கார்டு கெடவில்லை, அதன் நிரலை ஓட விடவில்லை

கிராபிக்ஸ் கார்டில் ஒரு சின்ன சிப் இருக்கிறது. திரையில் படம் வரையும் நிரல் அதில்தான் பதிந்திருக்கும். அதன் பெயர் ஆப்ஷன் ரோம். பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே, மதர்போர்டு இந்த நிரலைப் படித்து ஓட்டும். கம்பெனி லோகோவும் பயாஸ் பக்கமும் அதனால்தான் தெரிகின்றன.

இந்த நிரலில் இரண்டு தலைமுறை உண்டு. பழைய பயாஸ் காலத்து நிரல் ஒன்று. அதில் கையெழுத்து என்ற ஏற்பாடே கிடையாது. யூஇஎஃப்ஐ காலத்து நிரல் மற்றொன்று. அதை ஜிஓபி என்பார்கள். பெரும்பாலான கார்டுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். செக்யூர் பூட் இயங்கும்போது, மதர்போர்டு தன்னிடம் உள்ள சான்றுப் பட்டியலோடு ஒத்துப்போகும் மின்னணுக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஜிஓபி-யை ஓட்டும். வழக்கமாக அந்தக் கையெழுத்து மைக்ரோசாஃப்ட் சான்றின் கீழ் போடப்பட்டதாக இருக்கும். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட சான்றிதழில் பிறகு ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அது செல்லாது அல்லவா, அப்படித்தான் இதுவும். கையெழுத்து இல்லை அல்லது பொருந்தவில்லை என்றால் நிரலை ஓட்டாமல் தாண்டிவிடும். படம் வரைய ஆள் இல்லாததால் திரை கறுப்பாகவே இருக்கிறது.

இந்தக் கண்டிப்பு தேவையா என்று கேட்கலாம். தேவைதான். 2014 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த கேயாஸ் மாநாட்டில் ட்ரம்மெல் ஹட்சன் ஒன்றைக் காட்டினார். தண்டர்போல்ட் அடாப்டர் ஒன்றின் ஆப்ஷன் ரோமில் தன் நிரலை வைத்து, அதைச் செருகியே மேக்புக்கின் அடிப்படை நிரலை மாற்றி எழுதலாம் என்பதுதான் அது. ஹார்டு டிஸ்கை அழித்தாலும் போகாத தொல்லை அது.

2. எந்தக் கார்டுகள் மீது சந்தேகப்படலாம்

செக்யூர் பூட் பரவலாக வந்தது 2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8-ஓடு. அதற்கு முந்தைய கார்டுகளில் பெரும்பாலும் பழைய நிரல் மட்டுமே இருக்கும். 2009-இல் வந்த ஜிஃபோர்ஸ் 210 அப்படிப்பட்டது. ஜிடிஎக்ஸ் 600 வரிசையிலும் ரேடியான் ஹெச்டி 7000 வரிசையிலும் தொடக்கத்தில் வந்தவை இரண்டுங்கெட்டான். ஒரே மாடலில் ஒன்றில் ஜிஓபி இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

அடுத்தது, வயதில் இளையதாக இருந்தும் பயாஸ் மாற்றப்பட்ட கார்டு. எதீரியம் மைனிங்குக்காக ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகளை வாங்கி, மெமரி வேகத்துக்காக அவற்றின் பயாஸைத் திருத்திப் பதிந்தார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் அந்தக் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்துவிட்டன. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு என்றால் இதை முதலில் நினைவில் வையுங்கள்.

3. மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

விண்டோஸில் `msinfo32` என்று தட்டிப் பாருங்கள். `BIOS Mode` என்ற வரியில் `UEFI` இருக்க வேண்டும். `Legacy` என்று இருந்தால் அது கார்டு சம்பந்தப்பட்ட சிக்கல் அல்ல. டிஸ்கையே முதலில் ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள்.

பிறகு `GPU-Z` என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் `BIOS Version` வரிக்குப் பக்கத்தில் `UEFI` என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லை என்றால் செக்யூர் பூட் போட்டதும் திரை கறுக்கும் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். டிக் இருந்தால் ஜிஓபி இருக்கிறது என்று மட்டுமே பொருள். அதன் கையெழுத்து செல்லுமா என்பதை அந்த டிக் சொல்லாது.

மூன்றாவது, பிட்லாக்கர் சாவி. பயாஸில் கை வைத்ததும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். நிர்வாகி அனுமதியோடு கமாண்டு பிராம்ப்டைத் திறந்து இதைக் கொடுத்தால் சாவி தெரியும்:

```
manage-bde -protectors -get C:
```

அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கணினியில் ஒரு ஃபைலாகச் சேமித்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது. பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

4. இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்

நான் சொல்லும் குறிப்புகளிலேயே முக்கியமானது இதுதான். செக்யூர் பூட்டுக்கு முன் `CSM` என்ற பழைய முறைத் துணையை நிறுத்தியாக வேண்டும். கார்டின் பழைய தலைமுறை நிரலை ஓட்டுவது இந்த சிஎஸ்எம்தான். பலரும் இதை நிறுத்தி, அந்தக் கையோடு செக்யூர் பூட்டையும் போட்டு, ஒரே தடவையில் சேமித்துவிடுகிறார்கள். பிறகு திரை கறுத்தால் எதனால் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

முதலில் `CSM`-ஐ மட்டும் நிறுத்துங்கள். செக்யூர் பூட் அணைந்தே இருக்கட்டும். சேமித்து மறுபடி தொடங்குங்கள். இப்போதே திரை கறுத்தால், கார்டில் ஜிஓபி இல்லை, அல்லது இருந்தும் ஓட மறுக்கிறது. லோகோ வந்து விண்டோஸும் திறந்தால் அடுத்த தடவை செக்யூர் பூட்டைப் போடுங்கள். அப்போது கறுத்தால் கோளாறு கையெழுத்தில். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறுவேறு.

சில மதர்போர்டுகள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானவை. கார்டில் ஜிஓபி இல்லை என்று கண்டதும் தாமாகவே சிஎஸ்எம்-ஐத் திரும்ப இயக்கி, ஓர் அறிவிப்பும் காட்டும். “எத்தனை தடவை போட்டாலும் செக்யூர் பூட் தானாக அணைந்துவிடுகிறது” என்று சொல்கிறவர்கள் அந்த அறிவிப்பைப் படிக்காமல் கடந்திருக்கலாம்.

5. கறுத்துவிட்டது, முதலில் என்ன பார்ப்பது

இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். சில போர்டுகள் தாமாகவே ஓரிரு முறை அணைந்து எழும். மதர்போர்டின் ஓரத்தில் `CPU`, `DRAM`, `VGA`, `BOOT` என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால், `VGA` மட்டும் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் நம் லாக் விளக்கு அழுத்தும்போதெல்லாம் மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது, படம்தான் இல்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து விண்டோஸின் நுழைவுப் பக்கம் மட்டும் தெரிகிற கணினிகளும் உண்டு. விண்டோஸின் சொந்த டிரைவர் கார்டை எழுப்பிவிடுவதால் அப்படி ஆகிறது.

ஒரு விதிவிலக்கு. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட் 1.3 அல்லது 1.4 மானிட்டரை மாட்டினால் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாக இருக்கும் கோளாறு ஒன்று உண்டு. அதற்கென்றே என்விடியா ஒரு பயாஸ் திருத்தக் கருவி வெளியிட்டது. எனவே எதையும் கழற்றும் முன் எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். படம் வந்தால் கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

6. திரும்பி வரும் சுலபமான வழி: மதர்போர்டின் சொந்தத் துளை

பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கான நிரல் மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே இருப்பதால் வெளிக்கார்டுக்கான இந்தச் சோதனையில் அது மாட்டுவதில்லை. கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி வையுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகிப் போடுங்கள். பயாஸ் பக்கம் தெரிந்ததும் செக்யூர் பூட்டை அணைத்து, சிஎஸ்எம்-ஐ இயக்கிச் சேமியுங்கள்.

இன்டெல்லில் எண்ணுக்குப் பின் F என்று முடிபவற்றில் இந்த வசதி இல்லை. ரைசனில் 5000 வரிசை வரை G என்று முடிபவற்றில்தான் உண்டு. 7000 மேசைக் கணினி வரிசையில் F போட்டவை தவிர மற்றவற்றில் இருக்கிறது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் அது வெறும் துளை.

7. சீமாஸ் அழித்தல், அதன் எல்லை

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். மதர்போர்டில் `CLRTC`, `CLR_CMOS`, `JBAT1` என்று ஏதாவது ஒன்று எழுதிய இரண்டு கம்பிகள் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்து ஐந்து முதல் பத்து விநாடி தொடுங்கள். கம்பி கிடைக்கவில்லை என்றால் `CR2032` பட்டன் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போடலாம்.

இது எல்லாக் கணினியிலும் பலிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். செக்யூர் பூட் விவரங்களும் சாவிகளும் பேட்டரியால் காக்கப்படும் நினைவகத்தில் இல்லை, பயாஸ் சிப்பிலேயே பதிகின்றன. கடையில் சேர்த்துப் பூட்டிய கணினிகளில் சீமாஸை அழித்தால் பெரும்பாலும் எல்லா அமைப்பும் தொடக்க நிலைக்குத் திரும்பும். பிராண்டட் கணினிகளில் செக்யூர் பூட் அசையாமல் நிற்பதுண்டு. இன்னொன்று, விண்டோஸ் 11 வந்த பிறகு வெளியான பல போர்டுகளில் தொடக்க நிலையே சிஎஸ்எம் அணைந்த நிலைதான். அவற்றில் பழைய கார்டோடு எத்தனை தடவை அழித்தாலும் படம் வராது. அப்போது நண்பரிடம் ஜிஓபி உள்ள ஒரு கார்டை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி மாட்டி, பயாஸுக்குள் போவதுதான் வழி. ஆபத்து இல்லாத வழியும் அதுவே.

8. ஒரு கணினியை எடுத்துப் பார்ப்போம்

ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி. சிஎஸ்எம்-ஐ நிறுத்தி, செக்யூர் பூட்டையும் போட்டுச் சேமித்தாயிற்று. விசிறி சுற்றுகிறது, `VGA` விளக்கு நிற்கிறது. இந்தப் பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லை, ஆகவே ஆறாம் குறிப்பு உதவாது. சீமாஸை அழித்ததும் சிஎஸ்எம் இயங்கும் நிலைக்குத் திரும்பிப் படம் வந்துவிடுகிறது.

இப்போது நான்காம் குறிப்புப்படி சிஎஸ்எம்-ஐ மட்டும் நிறுத்திப் பார்த்தால் மறுபடி கறுப்பு. ஆக, செக்யூர் பூட் மீது பழி போட்டது தவறு. அதற்கு முந்தின படியிலேயே கார்டு நின்றுவிடுகிறது. மீண்டும் சீமாஸை அழித்து, விண்டோஸுக்குள் வந்து `GPU-Z`-இல் பார்த்தால் `UEFI` கட்டத்தில் டிக் இருக்கிறது. ஆனால் `Default Clock` வரியில் ஜிபியு வேகம் 1150 என்று காட்டுகிறது. ஆர்எக்ஸ் 580-க்குக் கம்பெனி சொன்ன உச்ச வேகம் 1340 மெகாஹெர்ட்ஸ். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மைனிங் செய்தவர்கள் இப்படிக் குறைத்துத்தான் பதிவார்கள். பயாஸில் மெமரிப் பகுதியைத் திருத்தியிருந்தால்கூட, ஜிஓபி அதைக் கண்டு இயங்க மறுப்பதுண்டு. சிஎஸ்எம்-இன் பழைய நிரல் அதைக் கேட்பதில்லை. இத்தனை நாள் படம் வந்தது அதனால்தான்.

இந்த மாடலின் பல கார்டுகளில் மேல் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அது இரண்டு பயாஸ் சிப்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பலரும் ஒரு பக்கத்தை மட்டுமே திருத்திவிட்டு மற்றதை விட்டுவைத்திருப்பார்கள். கணினியை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, சுவிட்சை மறுபக்கம் தள்ளுங்கள். சிஎஸ்எம்-ஐ நிறுத்தினால் இப்போது லோகோ வருகிறது. அதன்பின் செக்யூர் பூட். விண்டோஸ் திறந்ததும் `msinfo32`-இல் `Secure Boot State` என்ற வரி `On` என்று சொல்கிறது. ஒரு ரூபாய் செலவில்லை.

9. சுவிட்ச் இல்லாவிட்டால் பயாஸைப் புதிதாகப் பதிவது

கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் அதே மாடலுக்கான பயாஸ் கிடைக்கிறதா பாருங்கள். ஜிடிஎக்ஸ் 600 காலத்துக் கார்டுகள் சிலவற்றுக்குச் சில நிறுவனங்கள் ஜிஓபி சேர்த்த பயாஸைப் பின்னால் வெளியிட்டன. மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. மெமரி சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா என்று `GPU-Z` காட்டும்; புதிய பயாஸ் அந்த மெமரிக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். பதிவதற்கு முன், `BIOS Version` பக்கத்து அம்புக்குறியை அழுத்தி `Save to file` என்று இப்போதுள்ள பயாஸைப் பத்திரப்படுத்துங்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் கார்டு உண்மையாகவே படுத்துவிடும். வேறு படம் வரும் வழி, அதாவது பிராசஸர் கிராபிக்ஸோ இன்னொரு கார்டோ, கையில் இல்லாதவர்கள் இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

10. கார்டு சரி, கையெழுத்தில்தான் கோளாறு என்றால்

சிஎஸ்எம் இல்லாமல் படம் வருகிறது, செக்யூர் பூட் போட்டால் மட்டும் கறுக்கிறது என்றால், மதர்போர்டின் சான்றுப் பட்டியலைச் சந்தேகியுங்கள். செக்யூர் பூட்டை அணைத்த நிலையில், பயாஸில் `Restore Factory Keys` அல்லது அதுபோன்ற பெயரில் உள்ள வரியை இயக்கினால் வழக்கமான சான்றுகள் திரும்ப ஏறும். பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து இதைக் கொடுத்தும் பார்க்கலாம்:

```
[System.Text.Encoding]::ASCII.GetString((Get-SecureBootUEFI db).bytes) -match 'Microsoft Corporation UEFI CA 2011'
```

`True` என்று வந்தால் இன்றுள்ள பெரும்பாலான கார்டுகளின் கையெழுத்தை ஏற்கும் சான்று பட்டியலில் இருக்கிறது. `False` என்றால் கார்டில் குறையில்லை, சான்றுதான் இல்லை. லினக்ஸில் சொந்தச் சாவிகளைப் பதிகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. `sbctl` பயன்படுத்தினால் மைக்ரோசாஃப்ட் சான்றுகளையும் சேர்த்தே பதியுங்கள்:

```
sudo sbctl enroll-keys -m
```

அந்த `-m` விடுபட்டால் கார்டின் நிரலை ஏற்க யாரும் இல்லாமல் போகும். சில லேப்டாப்கள் இதனால் எழவே முடியாமல் போனதுண்டு. அங்கே கழற்றக் கார்டும் கிடையாது.

சில போர்டுகளில் `Image Execution Policy` என்ற பகுதியில் `Option ROM` என்று தனி வரி இருக்கும். அதை `Always Execute` என்று வைத்தால் கையெழுத்து இல்லாத ஜிஓபி-யும் ஓடும், படமும் வரும். ஒரே கார்டு ஒருவர் வீட்டில் படம் காட்டி இன்னொருவர் வீட்டில் காட்டாததற்கு இந்த வரி ஒரு காரணம். ஆனால் முதல் குறிப்பில் சொன்ன அடாப்டருக்கும் அதே கதவு திறந்துவிடும். விளையாட்டுக்காக இதை நிரந்தரமாகத் திறந்து வைப்பதைவிட, கார்டை மாற்றப் பணம் சேர்ப்பது மேல்.

11. 2026-இல் சான்று காலாவதி என்கிறார்களே?

மேலே சொன்ன 2011 சான்றின் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. அதற்காக அதற்கு முன் கையெழுத்திட்ட கார்டுகள் மறுநாளே கறுத்துவிடாது. அந்தச் சான்று பட்டியலில் இருக்கும்வரை பழைய கையெழுத்து ஏற்கப்படும். புதிய கார்டுகளுக்கு ‘மைக்ரோசாஃப்ட் ஆப்ஷன் ரோம் யூஇஎஃப்ஐ சிஏ 2023’ என்ற தனிச் சான்று வந்திருக்கிறது. எனவே பழைய மதர்போர்டில் புத்தம் புதிய கார்டு போடுகிறவர்கள், முதலில் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். புதிய சான்று வந்துவிட்டது என்று பழையதைப் பட்டியலிலிருந்து நீக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

12. பழைய கார்டு வாங்கும்போது

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும் முன், விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: சிஎஸ்எம்-ஐ நிறுத்தி, செக்யூர் பூட்டைப் போட்டு, பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லோகோ வரும்வரை காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் திறந்த பிறகு ஓடும் விளையாட்டை மட்டும் காட்டுவது போதாது. நேரில் என்றால் `msinfo32` பக்கத்தையும் `GPU-Z` பக்கத்தையும் அங்கேயே படம் எடுங்கள். கார்டில் சுவிட்ச் இருந்தால் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் பவரை அணைத்துவிட்டு.